மாதத் தவணையில் மியூச்சுவல் ஃபண்ட்: முதன்முறையாகத் தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்

எஸ்ஐபி என்றால் வங்கியில் ஆர்.டி. கட்டுவது போலத்தானே? எத்தனை சதவீதம் வட்டி கிடைக்கும்?

வட்டி எதுவும் கிடையாது. எஸ்ஐபி என்பது தனியான ஒரு திட்டம் அல்ல. பணம் கட்டும் முறை மட்டுமே. மாதந்தோறும் குறித்த தேதியில் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு தொகை எடுக்கப்பட்டு, அன்றைய விலையில் நீங்கள் தேர்ந்த ஃபண்டின் யூனிட்டுகள் உங்கள் பெயரில் வாங்கப்படுகின்றன. ஒரு யூனிட்டின் அந்த விலையைத்தான் என்ஏவி என்கிறார்கள். ஃபண்ட் எதில் முதலீடு செய்திருக்கிறதோ அதன் சந்தை மதிப்பைப் பொறுத்து என்ஏவி ஒவ்வொரு வேலை நாளும் மாறும்.

ஆகவே "எஸ்ஐபி பாதுகாப்பானதா" என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் இல்லை. பங்குச் சந்தை ஃபண்டில் எஸ்ஐபி போட்டால் பங்குகளின் ஏற்ற இறக்கம் வரும். கடன் பத்திர ஃபண்டில் போட்டால் அதற்குரிய இடர் வரும். ஆர்.டி.க்கு முதிர்வுத் தொகை முன்கூட்டியே தெரியும். வங்கி வைப்புத்தொகைக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் உண்டு. மியூச்சுவல் ஃபண்டுக்கு இந்த இரண்டுமே கிடையாது.

மாதம் 8,000 ரூபாய் ஒதுக்க முடியும். அதை எந்த ஃபண்டில் போடுவது?

ஃபண்டின் பெயருக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, அந்தப் பணம் எந்த ஆண்டில் தேவைப்படும் என்பதே. ஈரோட்டில் வசிக்கும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். இன்னும் இரண்டு ஆண்டுகளில் ஒரு ஸ்கூட்டர் வாங்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகளின் கல்லூரிப் படிப்புக்குப் பத்து ஆண்டுகள் இருக்கின்றன. ஒரே 8,000 ரூபாயாக இருந்தாலும், இவை இரண்டு வெவ்வேறு பணங்கள்.

ஸ்கூட்டருக்கான 3,000 ரூபாயை ஆர்.டி.யில் கட்டுவதே சரி. இரண்டு ஆண்டு என்பது பங்குச் சந்தை ஒருமுறை விழுந்து எழுவதற்குப் போதாத காலம். மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் எந்தப் பணத்தையும் பங்குச் சந்தை ஃபண்டில் வைக்கக் கூடாது என்பதே என் கருத்து. ஐந்து ஆண்டு என்றாலும் யோசிக்க வேண்டும். ஏழு ஆண்டுக்கு மேல் என்றால்தான் தயக்கமின்றி அந்தப் பக்கம் போகலாம்.

மகளின் படிப்புக்கான 5,000 ரூபாயை நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் தொடங்கலாம். அந்தக் குறியீட்டில் உள்ள 50 நிறுவனப் பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைப்பதோடு ஃபண்ட் மேலாளரின் வேலை முடிந்துவிடுகிறது. அதனால் செலவு குறைவு, "மேலாளர் மாறிவிட்டாரே" என்ற கவலையும் இல்லை. சிறிய நிறுவனப் பங்குகளை வாங்கும் ஸ்மால் கேப் ஃபண்டுகளும், வங்கித் துறை, மருந்துத் துறை என ஒரே துறையில் பணம் போடும் ஃபண்டுகளும் சென்ற ஆண்டு வருமானப் பட்டியலில் அடிக்கடி முதலிடத்தில் நிற்கும். அந்தப் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் புதியவர்கள் மிகுதியாகச் சிக்கிக்கொள்ளும் இடம். ஐந்து ஃபண்டுகளில் ஆயிரம் ஆயிரமாகப் பிரிப்பதாலும் இடர் பெரிதாகக் குறைவதில்லை, ஏனெனில் ஐந்திலும் பெரும்பாலும் அதே பெரிய நிறுவனப் பங்குகளே இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக மூன்று முதல் ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணம் சேமிப்புக் கணக்கிலோ வைப்புத்தொகையிலோ இருக்க வேண்டும். அது இல்லாதவர்கள் முதல் மருத்துவச் செலவிலேயே யூனிட்டுகளை விற்க நேரும். அந்த நேரத்தில் சந்தை எங்கே இருக்கும் என்பது அவர்கள் கையில் இல்லை.

இண்டெக்ஸ் ஃபண்டின் ரிஸ்க்கோமீட்டர் முள் "மிக அதிகம்" என்று காட்டுகிறது. உண்மையில் எவ்வளவு நஷ்டம் வரலாம்?

பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி ஒவ்வொரு ஃபண்டும் ஆறு நிலைகள் கொண்ட அந்த அளவியைக் காட்ட வேண்டும். பங்குச் சந்தை ஃபண்டுகள் அநேகமாக எல்லாமே "மிக அதிகம்" என்ற கடைசி நிலையில்தான் வரும். எனவே அவற்றுக்குள் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட அந்த முள் அவ்வளவாக உதவாது. நடந்தவற்றைப் பார்ப்பதே தெளிவு தரும். 2008 ஜனவரியில் 20,800 புள்ளிகளைத் தாண்டியிருந்த சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,200க்கும் கீழே வந்தது. நூறு ரூபாய் நாற்பதாகிவிட்டது என்று பொருள். 2010 நவம்பரில் பழைய உயரத்தைத் தொட்டபோதிலும் மீண்டும் சரிந்தது. 2013இன் கடைசி மாதங்களில்தான் அந்த உயரத்தை உறுதியாகக் கடந்தது. 2020இல் கொரோனா பரவியபோது இரண்டே மாதத்தில் 38 சதவீதம் அளவுக்கு வீழ்ந்து, அதே ஆண்டு நவம்பரில் மீண்டது. முதல் வீழ்ச்சியில் சிக்கியவர் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் காத்திருந்தார். இரண்டாவதில் சிக்கியவர் பத்து மாதம். எது வரும் என்பதை முன்கூட்டிச் சொல்லக்கூடியவர் யாருமில்லை.

கடன் பத்திர ஃபண்டுகளும் ஆபத்தே இல்லாதவை அல்ல. 2020 ஏப்ரலில் ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் தன் ஆறு கடன் திட்டங்களை மூடுவதாக அறிவித்தது. முதலீட்டாளர்களின் பணம் பின்னர் பகுதி பகுதியாகத் திரும்பியது என்றாலும், தேவைப்பட்ட நாளில் எடுக்க முடியவில்லை.

மாதாமாதம் வாங்கும்போது சராசரி ஆகிவிடுவதால் நஷ்டமே வராது என்கிறார்களே?

இது பாதி உண்மை. 5,000 ரூபாய் வீதம் நான்கு மாதம் கட்டுவதாகவும், அந்த நாள்களில் என்ஏவி முறையே 50, 40, 32, 40 ரூபாயாக இருந்ததாகவும் வைத்துக்கொள்வோம். 100, 125, 156.25, 125 என்று மொத்தம் 506.25 யூனிட்டுகள் கிடைக்கும். கட்டியது 20,000, நான்காம் மாத விலையான 40 ரூபாயில் அவற்றின் மதிப்பு 20,250. விலை 50இலிருந்து 40க்கு இறங்கியிருந்தும் சிறு லாபம் வந்திருக்கிறது. விலை குறைந்த மாதத்தில் அதே பணத்துக்கு அதிக யூனிட்டுகள் கிடைத்ததே இதற்குக் காரணம்.

இப்போது அதே யூனிட்டுகளை விலை மறுபடியும் 32க்கு இறங்கிய நாளில் விற்க வேண்டியிருந்தால் கைக்கு வருவது 16,200 ரூபாய்தான். வாங்கும் விலை சராசரியாகிறது. விற்கும் விலை அந்த ஒரு நாளின் விலையாகவே இருக்கிறது. சராசரி என்ற ஏற்பாடு வாங்கும் பக்கத்தில் மட்டுமே வேலை செய்கிறது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

பத்து ஆண்டு பொறுமையாகக் கட்டினால் ஆபத்து தீர்ந்துவிடும் அல்லவா?

தொடக்க ஆண்டுகளைவிடக் கடைசி ஆண்டுகளில்தான் ஆபத்து பெரிது. காரணம் எளிய கணக்கு. ஈரோட்டுத் தம்பதி முதல் ஆண்டில் 60,000 ரூபாய் கட்டியிருக்கும்போது சந்தை 30 சதவீதம் விழுந்தால் இழப்பு அதிகபட்சம் 18,000. அடுத்து வரும் தவணைகள் மலிவாக வாங்கும் என்பதால் அந்த வீழ்ச்சி அவர்களுக்கு நன்மையாகக்கூட முடியலாம்.

பத்தாம் ஆண்டின் நிலைமை வேறு. கணக்குக்காக ஆண்டுக்கு 10 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், கட்டிய 6 லட்சம் சுமார் 10.3 லட்சமாகியிருக்கும். இந்த 10 சதவீதம் என் அனுமானம்தான், வாக்குறுதி அல்ல. அந்த நேரத்தில் அதே 30 சதவீத வீழ்ச்சி வந்தால் 3.1 லட்சம் குறைகிறது. ஐந்தாண்டுத் தவணைகளுக்கும் சற்று மேலான தொகை அது. அப்போது மாதம் 5,000 ரூபாய்க்கு மலிவாக வாங்கும் யூனிட்டுகள் அந்தப் பெரிய தொகையின் சராசரியை அசைக்கவே அசைக்காது. கல்லூரி சேர்க்கையோ சந்தைக்காகக் காத்திருக்காது.

எனவே மகள் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு வரும்போதே இறங்கத் தொடங்க வேண்டும். ஏழு ஆண்டு முடிந்தபின் புதிய தவணைகளை ஆர்.டி.க்குத் திருப்பிவிட்டு, ஃபண்டில் சேர்ந்திருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ஒவ்வொரு நிதியாண்டிலும் விற்று வைப்புத்தொகைக்கு மாற்றிக்கொண்டே வரலாம். முதலாண்டுக் கட்டணத்துக்கான பணம் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே வங்கியில் இருக்க வேண்டும். மூன்றாம், நான்காம் ஆண்டுக் கட்டணங்களுக்கானது இன்னும் சிறிது காலம் ஃபண்டில் இருந்தாலும் பாதகமில்லை. இப்படி மாற்றும் ஆண்டுகளில் சந்தை நன்றாக ஏறினால் கொஞ்சம் லாபம் கைவிட்டுப் போகும். அதை இழப்பாகக் கருதாமல் நிச்சயத்துக்குக் கொடுத்த விலையாகக் கொள்ளலாம். எஸ்ஐபியை எந்த நாளில் தொடங்குவது என்று மாதக்கணக்கில் ஆராய்பவர்கள்கூட இந்த இறங்கும் தேதியை எழுதி வைப்பதில்லை.

ஃபண்ட் நிறுவனம் என்னிடம் கட்டணம் எதுவும் கேட்கவில்லையே, செலவு எங்கே இருக்கிறது?

பில் வராது, என்ஏவியிலேயே கழித்துவிடுவார்கள். நிர்வாகச் செலவு விகிதம் ஆண்டுக்கு ஒரு சதவீதம் என்றால், அதன் சிறு பகுதி ஒவ்வொரு நாளும் ஃபண்டின் சொத்திலிருந்து எடுக்கப்பட்டு, எஞ்சியதே அன்றைய என்ஏவியாக வெளியாகிறது. லாபம் வந்த ஆண்டிலும் நஷ்டம் வந்த ஆண்டிலும் இது எடுக்கப்படும்.

2013 ஜனவரி முதல் ஒவ்வொரு ஃபண்டும் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ரெகுலர் பிளானில், ஃபண்டை உங்களுக்கு விற்றுத்தரும் விநியோகஸ்தருக்கான கமிஷன் செலவு விகிதத்துக்குள் சேர்ந்திருக்கும். அது முதல் ஆண்டோடு நிற்காமல் பணம் ஃபண்டில் இருக்கும் வரை போய்க்கொண்டிருக்கும். டைரக்ட் பிளானில் அந்தக் கமிஷன் இல்லை. வாங்கப்படும் பங்குகளும் மேலாளரும் இரண்டிலும் ஒன்றே.

வித்தியாசம் ஒரு சதவீதம் என்று வைத்துக் கணக்கிடலாம். மாதம் 5,000 ரூபாய், 15 ஆண்டுகள், கட்டுவது 9 லட்சம். ஆண்டுக்கு 10 சதவீதம் கையில் நின்றால் முடிவில் சுமார் 20.9 லட்சம், 9 சதவீதம் நின்றால் சுமார் 19.06 லட்சம். இடைவெளி ஏறக்குறைய 1.83 லட்சம் ரூபாய். ஒரு சதவீதம் என்று கேட்கும்போது அற்பமாகத் தோன்றுவது, மூன்று ஆண்டுத் தவணைப் பணமாக வந்து நிற்கிறது.

இதற்காக விநியோகஸ்தரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சந்தை 38 சதவீதம் விழுந்து கிடக்கும் வாரத்தில் தொலைபேசியை எடுத்து "இப்போது விற்காதீர்கள்" என்று சொல்லும் ஒருவர் உங்களுக்கு இருந்தால், அவர் அந்தக் கமிஷனை நியாயமாகவே சம்பாதிக்கிறார். முதல் நாள் படிவம் நிரப்பியதோடு மறைந்துவிடுபவருக்கு 15 ஆண்டு கமிஷன் போவதுதான் வீண்.

நான் வைத்திருப்பது டைரக்டா ரெகுலரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபண்டின் முழுப் பெயரைப் பாருங்கள். கணக்கு அறிக்கையில் "Direct Plan - Growth" அல்லது "Regular Plan - Growth" என்று பெயரோடு சேர்ந்தே இருக்கும். ஆலோசகர் என்ற இடத்தில் ARN என்று தொடங்கும் எண் இருந்தால் ஒரு விநியோகஸ்தர் வழியாக வாங்கியிருக்கிறீர்கள். வங்கிக் கிளையில் கையெழுத்திட்டுத் தொடங்கியவர்களுக்குப் பெரும்பாலும் ரெகுலர் பிளானே கிடைத்திருக்கும்.

பெயரின் கடைசிச் சொல்லும் முக்கியம். குரோத் என்றால் லாபம் ஃபண்டுக்குள்ளேயே வளரும். ஐடிசிடபிள்யூ என்றால் அவ்வப்போது பணம் கொடுப்பார்கள். ஆனால் கொடுத்த அளவுக்கு என்ஏவி குறைந்துவிடும், அந்தத் தொகை உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கும் உள்ளாகும். பத்தாண்டு இலக்குக்கு அது தேவையில்லை.

தொடங்குவதற்கு என்னென்ன வேண்டும்? உடனே பணம் எடுப்பார்களா?

பான், ஆதார், உங்கள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு, கேஒய்சி ஆகியவை வேண்டும். பானிலும் ஆதாரிலும் பெயர் வேறுபட்டிருந்தால் கேஒய்சி அங்கேயே தடைபடும். தந்தை பெயரின் முதலெழுத்தை ஒன்றில் விரித்தும் மற்றொன்றில் சுருக்கியும் எழுதும் நம் வழக்கத்தால் தமிழ்நாட்டில் இது அடிக்கடி நேர்கிறது. முதலில் அதைத் திருத்திக்கொள்வது நல்லது. ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்திலேயே டைரக்ட் பிளானைத் தொடங்கலாம். கணினி பழக்கமில்லாதவர்கள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ், அல்லது கேஃபின்டெக் ஆகிய பதிவு நிறுவனங்களின் சேவை மையத்துக்கு நேரில் போய்ப் படிவம் கொடுக்கலாம். எந்த ஃபண்டின் கணக்கை யார் பார்க்கிறார்கள் என்பது அதன் படிவத்திலேயே இருக்கும்.

அடுத்து, மாதாமாதம் பணம் எடுக்க வங்கிக்கு அனுமதி தர வேண்டும். அதில் உச்சவரம்பு 25,000 ரூபாய் என்று காட்டினால் பலர் பதறுகிறார்கள். அது மேல் எல்லை மட்டுமே. எடுக்கப்படுவது நீங்கள் பதிவு செய்த 5,000 ரூபாய்தான். அனுமதி பதிவாகச் சில நாள்கள் ஆகலாம், எனவே முதல் தானியங்கித் தவணை அடுத்த மாதம் போனால் ஏதோ தவறு என்று எண்ண வேண்டாம். முதல் அறிக்கையில் 5,000க்குப் பதிலாக 4,999.75 ரூபாய்க்கு யூனிட் வாங்கியதாக இருக்கும். குறைந்த 25 காசு 2020 ஜூலை முதல் வசூலிக்கப்படும் முத்திரைத் தீர்வை.

நாமினி பெயரை அப்போதே பதிவு செய்துவிடுங்கள். எந்த நிலையிலும் பணம் தனி நபரின் கணக்குக்கோ அவருடைய யுபிஐ எண்ணுக்கோ போகக் கூடாது; ரொக்கமாகக் கேட்பவரிடம் பேச்சையே நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு மாதம் கணக்கில் பணம் இல்லாவிட்டால் அபராதமா?

ஃபண்ட் நிறுவனம் அபராதம் போடாது, வாங்கிய யூனிட்டுகளும் அப்படியே இருக்கும். உங்கள் வங்கி, தவணை திரும்பியதற்காகச் சில நூறு ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடித்துக்கொள்ளும். ஒரே தேதியில் மூன்று எஸ்ஐபிகள் திரும்பினால் மூன்று முறை பிடிக்கும். மாதத் தவணை தொடர்ந்து மூன்று முறை திரும்பினால் எஸ்ஐபி ரத்தாகிவிடும். சம்பளம் ஒன்றாம் தேதி வருமானால் ஐந்தாம் தேதிக்குப் பிறகு ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் வாங்கினால் லாபம் அதிகம் என்ற ஆராய்ச்சியால் பயனில்லை. பண நெருக்கடி வருவது முன்பே தெரிந்தால் இணையதளத்தில் சில மாதங்களுக்கு நிறுத்திவைக்கும் வசதியைப் பல நிறுவனங்கள் தருகின்றன.

ஓராண்டில் 60,000 கட்டினேன், 62,000தான் இருக்கிறது. மூன்று சதவீதம்தானா?

எல்லாப் பணமும் ஓராண்டு முழுவதும் உள்ளே இருக்கவில்லை. முதல் தவணை பன்னிரண்டு மாதம் இருந்தது, கடைசித் தவணை ஒரே மாதம். அந்தக் கால வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கும் எக்ஸ்ஐஆர்ஆர் முறைப்படி இது ஆண்டுக்குச் சுமார் 6.2 சதவீதம். செயலிகளில் இரண்டு எண்களும் அருகருகே தெரியும். தவணை முதலீட்டுக்கு எக்ஸ்ஐஆர்ஆர் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். இருந்தாலும் ஓராண்டு எண்ணை வைத்து ஃபண்டை மாற்ற வேண்டாம். இண்டெக்ஸ் ஃபண்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஈவுத்தொகையும் சேர்த்த நிஃப்டி 50 குறியீட்டைவிட ஆண்டுக்கு எவ்வளவு பின்தங்குகிறது? அந்த இடைவெளி செலவு விகிதத்தை ஒட்டியே இருந்தால் ஃபண்ட் ஒழுங்காக நடக்கிறது.

எடுக்கும்போது எவ்வளவு பிடிப்பார்கள்?

செலவு இரண்டு வகை. வெளியேறும் கட்டணம் ஃபண்டுக்கு ஃபண்டு வேறுபடும். பல பங்குச் சந்தை ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் விற்றால் ஒரு சதவீதம். இண்டெக்ஸ் ஃபண்டுகளில் பெரும்பாலும் இல்லை அல்லது மிகக் குறைவு. இங்கே ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக ஓராண்டு எண்ணப்படும் என்பதை மறந்துவிடக் கூடாது. எஸ்ஐபி தொடங்கி 13 மாதம் ஆனதும் முழுவதையும் விற்பவருக்கு முதல் ஓரிரு தவணைகள் மட்டுமே ஓராண்டைக் கடந்திருக்கும்.

வரியிலும் இதே எண்ணிக்கைதான். 2024 ஜூலை 23 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, பங்குச் சந்தை ஃபண்டு யூனிட்டுகளை 12 மாதத்துக்குள் விற்றால் லாபத்துக்கு 20 சதவீத வரி. அதற்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் கிடைக்கும் லாபத்தில் 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை, மீதிக்கு 12.5 சதவீதம். முதலில் வாங்கியவை முதலில் விற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.

மேலே சொன்ன 10.3 லட்சத்தை ஒரே நாளில் விற்றால், கடைசி ஓராண்டுத் தவணைகளின் சிறு கணக்கை ஒதுக்கிவிட்டுப் பார்க்கையில், 4.3 லட்சம் லாபத்தில் 3.05 லட்சத்துக்கு வரி வரும்: 38,125 ரூபாயும் அதன்மேல் செஸ்ஸும். மூன்று நிதியாண்டுகளில் பிரித்து விற்றால் 1.25 லட்ச விலக்கு மூன்று முறை கிடைப்பதால் அந்த வரியின் பெரும்பகுதி மிச்சமாகும். விற்ற பணம் இரண்டு மூன்று வேலை நாள்களில், நீங்கள் பதிவு செய்த அதே வங்கிக் கணக்குக்கு வந்துசேரும். அந்தக் கணக்கை இடையில் மூடியிருந்தால், விற்கும் முன்பே புதிய கணக்கைப் பதிவு செய்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.